விளம்பரத்தை நிறுத்தினால் எவ்வளவு விற்கும்?

முதலீடு கேட்டுக் காட்டும் பிட்ச் டெக்கில் பிராண்ட் பகுதி தொடங்கியதும் முதலீட்டாளர்களில் பாதிப் பேர் போனைப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். அதுவரை மார்ஜினையும் வளர்ச்சியையும் குடைந்து கேட்டவர்கள், லோகோவில் பச்சை ஏன் வந்தது என்ற விளக்கத்துக்கு மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். பிராண்ட் மீது அவர்களுக்கு வெறுப்பு எதுவும் இல்லை. அவர்கள் படிக்கும் ஏடுகளில் அது செலவாக மட்டுமே தெரிகிறது. ஒரு கம்பெனி தானே வளர்த்த பிராண்டை இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்ட நம் கணக்கியல் விதிகள் அனுமதிப்பதில்லை. இன்னொருவரிடமிருந்து விலை கொடுத்து வாங்கினால்தான் அது சொத்து. ஆகவே பத்து ஆண்டுகள் கட்டிய பெயரும் அவர்கள் பார்வையில் பத்து ஆண்டு விளம்பரச் செலவுதான். அந்தச் செலவு திரும்பி வந்திருக்கிறது என்பதை எந்த வரியில் பார்க்கலாம் என்று காட்டுவது மட்டுமே இந்தப் பகுதியின் வேலை.

பார்க்கக்கூடிய இடங்கள் அதிகமில்லை. ஒத்த சரக்கைவிடக் கூடுதல் விலை கிடைக்கிறதா, விளம்பரம் இல்லாமலே ஆட்கள் வருகிறார்களா, வந்தவர்கள் தள்ளுபடி இல்லாமல் திரும்ப வாங்குகிறார்களா. நல்ல பெயர் வேறு எதைச் செய்தாலும் கடைசியில் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் கணக்கில் விழும்.

ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. கோவையிலும் மதுரையிலும் மாதம் 20,000 லிட்டர் கடலை எண்ணெய் விற்கிறது. வரி நீக்கி ஒரு லிட்டருக்குக் கைக்கு வருவது ₹360. பருப்பு, ஆட்டுக்கூலி, பாட்டில், வண்டி எல்லாம் சேர்த்து அடக்கம் ₹252. மார்ஜின் ₹108, அதாவது 30 சதவீதம்.

இந்தக் கம்பெனி வழக்கமாகப் போடும் ஸ்லைடு, "ரீஃபைண்ட் எண்ணெயைவிட இவ்வளவு மடங்கு விலைக்கு விற்கிறோம்" என்று சொல்லும். அது பிராண்டின் வலிமை அல்ல. செக்கு எண்ணெய் என்ற வகைக்கே கிடைக்கும் விலை அது. பெயரே இல்லாத தெருமுனைச் செக்குக்காரருக்கும் அது கிடைக்கிறது. ஒப்பிட வேண்டியது அதே அலமாரியில், அதே ஒரு லிட்டர் பாட்டிலில் இருக்கும் மற்ற செக்கு எண்ணெய்களை. அதிலும் அச்சிட்ட எம்.ஆர்.பி.யை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். விநியோகஸ்தருக்கும் கடைக்காரருக்கும் கொடுத்த ஸ்கீம், இலவசப் பாட்டில், ஆன்லைன் கூப்பன் எல்லாம் கழித்து நிற்கும் தொகைதான் விலை. எம்.ஆர்.பி.யில் ₹60 உயரமாக நின்ற பாட்டில், கழிவெல்லாம் போனபின் ₹10 உயரத்துக்கு வந்துவிடுவது சாதாரணம்.

நம் உதாரணத்தில் கழிவுகளுக்குப் பின் மற்றவர்களுக்கு ₹320 கிடைக்கிறது என்று வைப்போம். வித்தியாசம் ₹40. விலையில் இது ஒன்பதில் ஒரு பங்கு. மார்ஜினில் பார்த்தால் 108இல் 40, அதாவது 37 சதவீதம். "எங்கள் மார்ஜினில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெயரால் வருகிறது" என்பது ஸ்லைடின் தலைப்பாக நிற்கத் தகுந்த வாக்கியம். "நம்பிக்கையின் மறுபெயர்" அப்படி நிற்காது.

உடனே வரும் கேள்வி: இந்த ₹40 நிலைக்குமா? விலையை ஏற்றிப் பார்த்தால்தான் பதில் தெரியும். கோவையில் ₹18 ஏற்றி ₹378 ஆக்கி, மதுரையில் பழைய விலையிலேயே விட்டு, எட்டு வாரம் பார்க்க வேண்டும். ஏற்றிய பின் மார்ஜின் ₹126. எவ்வளவு விற்பனை குறையும்வரை நஷ்டமில்லை என்று அறிய ஏற்றத்தைப் புதிய மார்ஜினால் வகுத்தால் போதும்: 18/126, சுமார் 14 சதவீதம். கோவையில் விற்பனை 6 சதவீதம் குறைந்தது, விலை ஏறாத மதுரையிலும் 2 சதவீதம் குறைந்தது என்றால், ஏற்றத்தால் போனது சுமார் 4 சதவீதம்தான். முன்பு நூறு பாட்டிலுக்கு ₹10,800 மார்ஜின். இப்போது 96 பாட்டிலுக்கு ₹12,096.

இந்தச் சோதனை கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். விலை ஏறப்போகிறது என்று விற்பனைப் பிரதிநிதி கடைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார். கடைக்காரர் பழைய விலையில் இரண்டு மாதச் சரக்கை வாங்கி அடுக்கிவிடுவார். பில் கணக்கில் முதல் மாதம் விற்பனை பாய்ந்து ஏறும், அடுத்த மாதம் அதலபாதாளம். இரண்டுமே பொய். கடைக்குள் போன சரக்கை விட்டுவிட்டு, கடையிலிருந்து வீட்டுக்குப் போன சரக்கை எண்ண வேண்டும். அதற்கு இருபது முப்பது கடைகளில் வாரம் ஒருமுறை இருப்பு எடுத்தாலே போதும். எட்டு வாரத்துக்குள் தீபாவளி விழுந்தால் சோதனையைத் தள்ளிப்போடுவது நல்லது. முறுக்கு சுடும் வாரத்தில் எந்த எண்ணெயும் விற்கும்.

விலை ஏற்றும் வலு என்றால் என்ன என்று சந்தேகிக்கும் முதலீட்டாளரிடம் சீஸ் கேண்டீஸ் கணக்கைச் சொல்லலாம். வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் 1972இல் தன்னோடு இணைந்த புளூ சிப் ஸ்டாம்ப்ஸ் என்ற கம்பெனி வழியாக அந்த மிட்டாய்க் கம்பெனியை 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போது ஆண்டுக்கு 1.6 கோடி பவுண்ட் மிட்டாய், 3 கோடி டாலர் விற்பனை. 2007இல் 3.1 கோடி பவுண்ட், 38.3 கோடி டாலர். எடை இரு மடங்கைக்கூடத் தொடவில்லை, ஆனால் பணம் கிட்டத்தட்ட பதின்மூன்று மடங்கு. அந்த 35 ஆண்டுகளில் அமெரிக்க விலைவாசி ஏறியது சுமார் ஐந்து மடங்கு. ஒரு பவுண்டுக்குக் கிடைத்த தொகையோ ஆறு மடங்கைத் தாண்டியது. டெக்கில் இதற்குத் தனி ஸ்லைடு வேண்டாம், வாயால் சொன்னால் போதும். இருபதாயிரம் லிட்டர்க்காரர் பஃபெட் படத்தைப் போட்டால் அறையில் சிரிப்புதான் வரும்.

அடுத்தது, விளம்பரம் இல்லாமல் வருகிறவர்கள். கம்பெனியின் சொந்த இணையக் கடைக்கு மாதம் 2,000 புது வாடிக்கையாளர்கள், விளம்பரச் செலவு ₹6 லட்சம். தலைக்கு ₹300 என்று ஸ்லைடு சொல்லும். அதில் 800 பேர் தாமாக வந்தவர்கள் என்றால், விளம்பரத்தால் வந்த 1,200 பேருக்குத் தலைக்கு ₹500. இத்தோடும் முடிவதில்லை. கூகுளில் கம்பெனியின் பெயரையே தட்டித் தேடி, மேலே வந்த விளம்பரத்தைத் தொட்டு உள்ளே வந்தவர்களும் அந்த 1,200இல் இருக்கிறார்கள். பெயர் தெரிந்து வந்தவரை விளம்பரம் பிடித்துக்கொடுத்ததாக எழுதுவது, வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட விருந்தாளிக்கு ஆட்டோக்காரர் கமிஷன் கேட்பது போல. அவர்கள் 300 பேர், அதற்கான செலவு ₹30,000 என்று வைப்போம். மீதி 900 பேருக்கு ₹5.7 லட்சம், தலைக்கு ₹633.

பலரும் இந்த ₹633ஐ மறைக்கிறார்கள். மறைத்தாலும் கூர்மையான முதலீட்டாளர், கம்பெனி ஆவணங்களைப் பார்வைக்கு வைக்கும் டேட்டா ரூமில் விளம்பரக் கணக்கைத் திறந்து பத்து நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவார். பிறகு மற்ற எல்லா எண்ணிலும் சந்தேகம் படரும். தாமே முன்வைத்தால் அதே எண் கம்பெனிக்குச் சாதகமாகத் திரும்புகிறது: பெயர் தெரியாதவரைப் பிடிக்க ₹633 ஆகிறது, பெயர் தெரிந்தவர் ₹100க்கோ சும்மாவோ வருகிறார், அப்படி வருகிறவர்கள் 2,000இல் 1,100 பேர்.

அந்த 1,100 பேரும் முன்பு எங்கோ விளம்பரம் பார்த்துத்தானே பெயரைத் தெரிந்துகொண்டிருப்பார்கள் என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஒரு மாவட்டத்தில் நான்கு வாரம் எல்லா விளம்பரத்தையும் நிறுத்திவிட்டு, பெயர் தேடி வருவோர் எவ்வளவு குறைகிறார்கள் என்று பார்ப்பதுதான் பதில். பாதிக்கு மேல் விழுந்தால் அது பெயரின் பலம் இல்லை, போன வார விளம்பரத்தின் எதிரொலி. இதைச் செய்து பார்த்தவர்கள் குறைவு. கையில் முடிவோடு வருகிறவருக்கு மற்றவர்களைவிட ஒரு படி மேலான காது கிடைக்கிறது.

இந்தச் சோதனைக்குப் பதிலாக 'எங்கள் பெயரை அறிந்தோர் 22இலிருந்து 27 சதவீதமாக உயர்ந்தனர்' என்று சர்வே காட்டுவோரும் உண்டு. ஒவ்வொரு முறையும் 200 பேரைக் கேட்டிருந்தால், இரண்டு சர்வேக்கும் இடையில் எட்டு புள்ளிவரை தற்செயலாகவே ஏறி இறங்கலாம். ஐந்து புள்ளி ஒன்றையும் நிரூபிக்காது.

திரும்ப வாங்குவதைக் காட்டும்போது, முதல் பாட்டிலைத் தள்ளுபடியில் வாங்கியவர்களையும் முழு விலையில் வாங்கியவர்களையும் தனித்தனி வரியாகப் போட வேண்டும். சேர்த்துப் போட்டால், தள்ளுபடிக்கு வந்து போனவர்கள் நல்ல வாடிக்கையாளர்களையும் மூடிவிடுவார்கள். எண்ணெயில் இன்னொரு பொறி இருக்கிறது. பிடித்துப்போனவர் அடுத்தமுறை 5 லிட்டர் டின் வாங்குகிறார், மூன்று நான்கு மாதம் வருவதில்லை. 60 நாள் கணக்கில் அவர் ஓடிப்போனவர். அதனால் ஆர்டரை எண்ணாமல், ஆறு மாதத்தில் ஒரு வீடு வாங்கிய லிட்டரை எண்ணுவது சரியாக வரும்.

கடைசியில் பணம் கேட்கும் இடம். பிராண்டுக்கு ₹60 லட்சம் வேண்டும் என்கிறார்கள். விலையேற்றத்தால் மட்டும் மாதம் சுமார் ₹2.6 லட்சம், ஆண்டுக்கு ₹31 லட்சம் கூடும், ஆகவே பாதிப் பணம் முதல் ஆண்டிலேயே திரும்பும் என்று கணக்கும் காட்டுகிறார்கள். பெருக்கலில் தவறில்லை. தர்க்கம்தான் உடைகிறது. விலையேற்றச் சோதனை இந்த ₹60 லட்சம் இல்லாமலே வெற்றி பெற்றது. அந்த ₹31 லட்சம் ஏற்கெனவே கட்டிய பெயரின் பலன். புதுச் செலவின் வரவாக அதை எழுதினால், "அப்படியானால் விலையை மட்டும் ஏற்றுங்கள், பணம் எதற்கு?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

புதுச் செலவு புதிதாக ஒன்றைக் கொண்டுவர வேண்டும். தாமாக வருவோர் மாதம் 300 பேர் கூடி, அத்தனை பேரை ₹633 கொடுத்துப் பிடிக்கும் தேவை குறைந்தால் மாதம் ₹1.9 லட்சம் மிச்சம். இந்தக் கணக்கு ₹60 லட்சத்தைத் தாங்காது. கோவை மாவட்டத்துக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ₹20 லட்சம் என்றால் தாங்கும்: 300 பேர் கூடிய பிறகு பத்தரை மாதத்தில் போட்ட பணம் திரும்புகிறது. நான்காம் மாத முடிவில் 150 பேர்கூடக் கூடவில்லை என்றால் மீதிப் பணம் செலவாகாது என்று அதே ஸ்லைடின் அடியில் எழுதிவிடலாம். லோகோவும் நிறங்களும் பின்னிணைப்பில் இருக்கட்டும், யாராவது கேட்டால் காட்டலாம்.