மைக்ரேஷன் வராமல் நின்றுபோன போனஃபைடு

மகள் பி.எஸ்சி. முடித்து, வேறொரு பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கல்லூரியில் எம்.எஸ்சி. சேர்ந்திருக்கிறாள். இடம் கிடைத்ததிலும் முதல் தவணை கட்டியதிலும் சிக்கல் இல்லை. எங்களை அலைக்கழித்தது மைக்ரேஷன் சான்றிதழ்.

பழைய கல்லூரியில் டி.சி. வாங்கும்போதே மைக்ரேஷன் பற்றிக் கேட்டேன். "டி.சி. போதும் அம்மா, அதையெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள்" என்று எழுத்தர் முகம் பார்க்காமலே சொல்லி அனுப்பிவிட்டார். அதே பல்கலைக்கழகத்துக்குள் மேற்படிப்புச் சேர்பவர்களுக்குத்தான் அவர் சொன்னது பொருந்தும். பல்கலைக்கழகம் மாறினால் மைக்ரேஷன் வேண்டும். அதைத் தருவது கல்லூரி அல்ல, படித்த பல்கலைக்கழகம். இந்த ஒரு வரியை அவர் சொல்லியிருந்தால் அன்றே விண்ணப்பித்திருப்போம்.

புதிய கல்லூரியில் டி.சி., புரொவிஷனல், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் அசலாக வாங்கிக்கொண்டு, மைக்ரேஷன் இல்லாததால் சேர்க்கை முழுமையாகவில்லை என்றார்கள். அதே வாரம் கல்விக்கடனுக்கு, மகள் அங்கே படிக்கிறாள் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழை வங்கி கேட்டது. சேர்க்கை முழுமையாகாமல் போனஃபைடு தர மாட்டோம் என்றது கல்லூரி. பழைய கல்லூரியும் தராது, டி.சி. கொடுத்ததுமே பதிவேட்டில் பெயரை நீக்கிவிடுவார்கள். போனஃபைடு இல்லாமல் கடன் நகராது, கடன் வராமல் அடுத்த தவணை கட்ட முடியாது.

பல்கலைக்கழகத்தில் மைக்ரேஷன் விண்ணப்பத்துடன் டி.சி., புரொவிஷனல் நகல்கள் கேட்டார்கள். அசல்களைக் கொடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் நகலெடுத்து, ஸ்கேன் செய்தும் வைத்திருந்தோம். இல்லாவிட்டால் அந்த அசல்களைத் திரும்பக் கேட்டு இன்னொரு படி ஏறியிருக்க வேண்டும். டி.சி.யை ஒப்படைக்கும் முன் யாராக இருந்தாலும் இதைச் செய்துவிடுங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் மதிப்பெண் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்றும் அங்கேயே நின்று பாருங்கள்.

மைக்ரேஷன் கைக்கு வர நாளாகும் என்று தெரிந்ததும், கட்டணம் கட்டிய ரசீதையும் விண்ணப்ப நகலையும் எடுத்துக்கொண்டு நேராகப் புதிய கல்லூரியின் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் போனேன். அவர் பொறுமையாகப் படித்துப் பார்த்தார். குறிப்பிட்ட தேதிக்குள் ஒப்படைப்பதாக மகளும் நானும் கையெழுத்திட்ட உறுதிமொழிக் கடிதம் கொடுத்தால் போதும் என்றார். அன்று மாலையே போனஃபைடு கிடைத்தது! முகப்பு எழுத்தரிடம் இதே வழியைக் கேட்டபோது "அப்படி ஒரு நடைமுறையே இல்லை" என்றிருந்தார்.

போனஃபைடில் படிப்பின் பெயர், எத்தனையாவது ஆண்டு, கல்வியாண்டு மூன்றும் இருக்க வேண்டும். எதற்காக என்ற இடத்தில் கல்விக்கடன் என்று எழுதி வாங்குங்கள். எங்கள் வங்கியில் அதைத்தான் முதலில் பார்த்தார்கள். மைக்ரேஷன் வந்து ஒப்படைத்தபோது, பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்ட ஒப்புகை கேட்டு வாங்கினோம்.