ஸ்கேன் வந்த பிறகு கை வைக்கலாமா?

"ஸ்கேன் பார்த்தாச்சு மேடம், நஞ்சுக்கொடி மேலேதான் இருக்கு. அதனால இப்போ உள்பரிசோதனை செய்வேன்."

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஒரு மருத்துவ மாணவி சொன்ன இந்தப் பதிலைக் கேட்டதும், என் பக்கத்திலிருந்த எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் மூத்தவர், நான் மதிப்பவர். அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

கேஸ் இதுதான். இரண்டாவது பிரசவம், 34 வாரம். காலையிலிருந்து இடுப்புவலி, துணியில் கொஞ்சம் கருஞ்சிவப்பு ரத்தம். நாடி 116, பிரஷர் 110/70. போன முறை செக்கப்புக்கு வந்தபோது 150/100. குழந்தையின் துடிப்பு கேட்கிறது. வயிறு பலகை மாதிரி இறுகவில்லை, ஆனால் கையை எடுக்காமல் வைத்திருந்தால் கர்ப்பப்பை முழுதாகத் தளரவே இல்லை என்பது தெரியும்.

பெரும்பாலான மாணவர்கள் 110/70ஐப் பார்த்து நிம்மதியாகிவிடுவார்கள். இவள் ஆகவில்லை. 150 இருந்தவளுக்கு 110 என்பது இறங்கிய பிரஷர் என்றாள். துணியில் இருக்கும் ரத்தத்துக்கும் இந்த நாடிக்கும் கணக்கு ஒத்துவரவில்லை, மீதி ரத்தம் நஞ்சுக்குப் பின்னால் தேங்கியிருக்கும், இது நஞ்சு முன்கூட்டியே பிரிந்துவிடும் அப்ரப்ஷன் என்றாள். நஞ்சு கீழே வந்து கர்ப்பப்பை வாயை மறைக்கும் பிரீவியாவில் போகிற ரத்தமெல்லாம் வெளியே வந்துவிடும். தாயின் நிலைமையும் கண்ணுக்குத் தெரியும் ரத்தத்துக்கு ஏற்றபடிதான் இருக்கும். வலி இருக்காது, ரத்தம் பளிச்சென்ற சிவப்பு, வயிறு மெத்தென்றிருக்கும், தலை இடுப்புக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும்.

"ஸ்கேனில் நஞ்சுக்குப் பின்னால் ரத்தக்கட்டி எதுவும் இல்லையே?" என்று கேட்டேன். புது ரத்தக்கட்டியும் நஞ்சும் ஸ்கேனில் ஒரே மாதிரி தெரியும், பாதிக்கு மேல் அப்ரப்ஷன்கள் அதில் தப்பிவிடும், நஞ்சு எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் ஸ்கேன் கேட்டேன் என்றாள். அப்புறம் இரண்டு பெரிய ஊசி போட்டு லைன், 4 யூனிட் ரத்தம் கிராஸ்மேட்ச், சிறுநீர்க் குழாய், குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து பதிய சிடிஜி என்று வரிசையாகச் சொன்னாள். சாதாரணக் கண்ணாடிக் குழாயில் 5 மில்லி ரத்தம் எடுத்து வைப்பேன், 7 நிமிஷத்தில் கெட்டியாக உறையவில்லை என்றால் உறைதல் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்வேன் என்றாள். அதற்குப் பிறகுதான் அந்த உள்பரிசோதனை வந்தது. கர்ப்பப்பை வாய் திறந்திருந்தால் பனிக்குடத்தை உடைத்துப் பிரசவத்தை விரைவாக்கலாம், துடிப்பு மோசமானால் சிசேரியன். இதில் எந்த வரியையும் என்னால் அடிக்க முடியாது.

எக்ஸ்டர்னல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த ஸ்கேனை யார் எடுத்தது?" அவள் தயங்கினாள். நஞ்சு பின்புறம் என்று ரிப்போர்ட். 34 வாரத்தில் வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் குழந்தையின் தலை மறைத்து, பின்புற நஞ்சின் கீழ் ஓரம் தெரியாமல் போவது உண்டு. வெஜைனல் ஸ்கேன் எடுத்தால் அந்த ஓரம் துல்லியமாகத் தெரியும், பிரீவியாவிலும் அதனால் ஆபத்தில்லை. அதை அவள் சொல்லவில்லை. அவள் போனதும், "ரத்தப்போக்கு என்றால் விரல் வைக்காதே. இந்த ஒரு வரியாவது இவர்கள் மனதில் நிற்க வேண்டும்" என்றார் அவர். விரல் நஞ்சில் பட்டால் நிமிஷங்களில் எவ்வளவு ரத்தம் போகும் என்று பார்த்தவர் அவர்.

நான் வாதாடினேன். விதி "விரல் வைக்காதே" என்பதல்ல, "பிரீவியா இல்லை என்று தெரியும்வரை வைக்காதே" என்பது. தெரிந்த பிறகும் வைக்காமல் இருந்தால் அப்ரப்ஷனில் நேரம்தான் போகும், ரத்தம் உறையும் தன்மையும் சேர்ந்து போகும். நஞ்சு மேல் பகுதியில் என்று கேஸிலேயே எழுதியிருக்கும்போது அதை அவள் நம்பக் கூடாதா?

ஆனால் அவள் கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண். எங்கே வேலைக்குப் போவாள் என்று எனக்குத் தெரியும். வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கமிருந்து ராத்திரியில் எங்களிடம் வரும் தாய்மார்கள் கையில் 20 வாரத்தில் எடுத்த ஸ்கேன்தான் இருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. அந்த இடத்தில் முழு விதியைவிடப் பாதி விதிதான் உயிரைக் காப்பாற்றும் என்று எனக்கும் தோன்றுகிறது. அப்படியென்றால் தேர்வில் எந்த விதிக்கு மார்க் போடுவது?

நான் போட்டதை அவர் குறைத்தார், நடுவில் ஒரு எண்ணில் நின்றோம். அவள் பாஸ். என் வார்டில் ஹவுஸ் சர்ஜன்களிடம் "யாரும் கை வைக்காதீங்க, முதல்ல என்னைக் கூப்பிடுங்க" என்றுதான் இப்போதும் சொல்கிறேன். அடுத்த வைவாவில் இதே பதிலை ஒருவர் சொன்னால் முழு மார்க் போடவே நினைக்கிறேன். வெஜைனல் ஸ்கேன் என்ற வார்த்தை வரும்வரை இன்னொரு கேள்வியும் கேட்பேன்.