ஸ்டாப் லாஸ் ட்ரிக்கர் ஆச்சு, ஆனா ஷேர் விக்கல

போன வருஷம் என்எஸ்இ-ல ஒரு சின்ன கெமிக்கல் கம்பெனி ஷேர்ல எனக்கு நடந்தது இது. கம்பெனி பேர் வேண்டாம், தப்பு அவங்களோடது இல்ல, நான் ஆர்டர் போட்ட விதத்துல தான்.

அன்னைக்கு ஷேர் 414, 415-னு ஓடிட்டு இருந்துச்சு. 412-க்கு வந்தா வாங்கலாம்னு 300 ஷேருக்கு லிமிட் ஆர்டர் போட்டுட்டு வேலைய பாக்க போயிட்டேன். மதியம் வந்து பாத்தா அன்னைக்கு லோ சரியா 412.00, ஆனா எனக்கு கிடைச்சது 120 ஷேர் தான், மிச்சம் 180 அப்படியே தொங்கிட்டு நிக்குது. விலை தொட்டுச்சே, ஏன் குடுக்கல, ஆப்ல ஏதோ கோளாறுனு நெனச்சு பிரண்டுக்கு போன் போட்டேன். அவன் கோயம்புத்தூர்ல ஒரு புரோக்கர் ஆபீஸ்ல பல வருஷம் டீலரா இருந்தவன்.

"மாப்ள, ரேஷன் கடை மாதிரி தான், 412-ல நீ மட்டுமா நிக்கிற, உனக்கு முன்னாடி ஒரு பெரிய வரிசையே நிக்குது"ன்னான்.

எக்ஸ்சேஞ்ச் மொதல்ல விலைய பாக்கும், ஒரே விலைல பல பேர் இருந்தா யாரு முன்னாடி வந்தாங்கன்னு நேரத்த பாக்கும். உதாரணத்துக்கு 412-ல எனக்கு முன்னாடி 1,840 ஷேருக்கு ஆளுங்க நிக்கிறாங்கன்னு வைங்க, அந்த விலைக்கு விக்க வந்தது மொத்தமே 1,960 ஷேர், அவங்களுக்கு போக எனக்கு மிஞ்சுனது 120. அதுக்கப்புறம் விலை மேல போயிடுச்சு. இடையில ஆர்டர்ல விலைய மாத்துனாலோ எண்ணிக்கைய கூட்டுனாலோ வரிசைல இருந்த இடம் போயிடும், எண்ணிக்கைய கொறச்சா மட்டும் போகாதுன்னும் சொன்னான்.

சரின்னு மிச்ச 180-க்கு லிமிட்ட 413-னு மாத்துனேன். அடுத்த செகண்டே 412.60-ல கிடைச்சுது, 413-ல இல்ல. ஏன்னா அப்ப விக்கிறவங்கள்ல ரொம்ப கம்மியா கேட்டவர் 412.60 தான் கேட்டிருந்தார். நான் எழுதுன 413-ங்கறது நான் குடுக்க போற விலை இல்ல, இதுக்கு மேல குடுக்க மாட்டேன்ங்கற எல்லை மட்டும் தான். இத அன்னைக்கே ஒழுங்கா மண்டைல ஏத்தியிருந்தா அடுத்து வந்த நஷ்டம் பாதியா கொறஞ்சிருக்கும், ஆனா வாங்குற பக்கம் புரிஞ்சது விக்கிற பக்கமும் அப்படித்தான்னு எனக்கு தோணவே இல்ல.

மொத்தம் 300 ஷேர், சராசரி 412.36. 395-க்கு கீழ போனா வெளிய வந்துடணும்னு முடிவு பண்ணி ஸ்டாப் லாஸ் போட ஆரம்பிச்சேன். ஆப்ல SL, SL-M-னு ரெண்டு இருக்கும். SL-M-ல ட்ரிக்கர் விலை மட்டும் குடுத்தா போதும், விலை அங்க வந்ததும் அது மார்க்கெட் ஆர்டரா மாறி என்ன விலை கிடைக்குதோ அதுக்கு வித்துடும். SL-ல ட்ரிக்கரும் குடுக்கணும், லிமிட்டும் குடுக்கணும், ட்ரிக்கர் ஆனதும் அது சாதாரண லிமிட் ஆர்டரா மாறும், அவ்வளவு தான். நான் புத்திசாலின்னு நெனச்சு SL-ஐ எடுத்து ட்ரிக்கர் 395, லிமிட் 394.50-ன்னு போட்டேன். அம்பது பைசாவுக்கு மேல விட்டுக்குடுக்க மனசு வரல. இந்த ஆர்டர் அன்னன்னைக்கு மட்டும் தான் செல்லும், சாயங்காலம் 3.30-க்கு கேன்சல் ஆயிடும்ங்கறதால தினமும் காலைல திரும்ப போட்டுட்டு வந்தேன்.

எட்டாவது நாளோ ஒம்போதாவது நாளோ, மதியம் ரெண்டு மணி வாக்குல ரிசல்ட் வந்துச்சு. லாபம் நல்லா அடி வாங்கியிருக்கு. அதுவரைக்கும் 398, 397-ன்னு இருந்த ஷேர்ல வாங்குறேன்னு நின்னவங்க எல்லாம் ஆர்டர தூக்கிட்டாங்க போல, எந்த விலைக்கு எத்தன பேர் வாங்க, விக்க நிக்கிறாங்கன்னு காட்டுற டெப்த்த பாத்தா பக்கத்துல ஆளே இல்ல. 396.10-ல ஒரு டிரேடு, அடுத்த டிரேடு நேரா 393.80. நடுவுல 395-லயும் 394.50-லயும் ஒண்ணும் நடக்கல.

என் ஆர்டர் பக்கத்துல TRIGGER PENDING-னு இருந்தது OPEN-னு மாறுச்சு. அத பாத்துட்டு வித்தாச்சுன்னு நெனச்சு நிம்மதியா மூச்சு விட்டேன் பாருங்க, அது தான் பெரிய கூத்து. OPEN-ன்னா ஆர்டர் இப்பதான் மார்க்கெட்டுக்குள்ள போய் நிக்குது, இன்னும் விக்கலன்னு அர்த்தம். வித்திருந்தா COMPLETE-னு வரும். ட்ரிக்கர் ஆகுற வரைக்கும் அந்த ஆர்டர் டெப்த்துல யாருக்கும் தெரியாம தனியா ஒரு புக்ல தூங்கும், கடைசியா நடந்த டிரேடு 395-ஐ தொட்டாலோ தாண்டுனாலோ தான் எழுந்து வரும். எழுந்து வந்து பாத்தா வாங்க நிக்கிறவர் அதிகபட்சம் 393.20 தரேங்குறார், நான் 394.50-க்கு கம்மியா தர மாட்டேன்னு எழுதி குடுத்திருக்கேன். அப்புறம் எப்படி விக்கும்.

ஷேர் 390, 385, 380-ன்னு இறங்குது, நான் கொஞ்சம் மேல வரும் கொஞ்சம் மேல வரும்னு பாத்துட்டே உக்காந்திருக்கேன். 372 வந்தப்ப கை நடுங்கி மார்க்கெட் ஆர்டரா மாத்துனேன். மார்க்கெட் ஆர்டர் கேள்வி கேக்காது, எதிர்ல யாரு நிக்கிறாங்களோ அவங்க கிட்ட மேல இருந்து வரிசையா வித்துட்டு கீழ இறங்கிட்டே போகும். 60 ஷேர் 372-ல, 45 ஷேர் 371.55-ல, 110 ஷேர் 371-ல, கடைசி 85 ஷேர் 370.20-ல போச்சு. ஸ்க்ரீன்ல 372-ன்னு தான் தெரிஞ்சது, எனக்கு சராசரி 371.06. புரோக்கரேஜ் வரி இல்லாமலே நஷ்டம் 12,391 ரூபா.

ராத்திரி பிரண்டு கேட்டான், "லிமிட்ட 385-ன்னு போட என்னடா கேடு உனக்கு?"

"385-க்கு போயிடுமேடா"ன்னேன்.

"413-ன்னு போட்டு 412.60-க்கு வாங்குனியே, மறந்துட்டியா?"

அப்பதான் உறைச்சுது. ட்ரிக்கர் 395, லிமிட் 385-ன்னு இருந்திருந்தா, ட்ரிக்கர் ஆன நிமிஷத்துல அந்த 393.20 ஆளுக்கும் அவருக்கு பின்னாடி நின்னவங்களுக்கும் வித்திருக்கும், சராசரி 392 கிட்ட வந்திருக்கும்னு நெனைக்கிறேன், நஷ்டம் 6,100 பக்கத்துல நின்னிருக்கும். 385-க்கும் கீழ விக்காதேங்கற பாதுகாப்பும் இருந்திருக்கும்.

அப்ப SL-M தான் நல்லதான்னு கேக்கலாம். நல்லா ஓடுற பெரிய ஷேர்னா பரவால்ல, ஆனா டெப்த்துல ஆள் இல்லாத ஷேர்ல அது எங்க போய் விழும்னு சொல்ல முடியாது. ஆப்ஷன்ஸ்ல என்எஸ்இ இத 2021-லயே நிறுத்திடுச்சு, பிஎஸ்இ 2023 அக்டோபர்ல மொத்தமாவே எடுத்துடுச்சு. அன்னைக்கு இதுக்கு கீழ விலை போகக்கூடாதுன்னு வெச்சிருக்கற லோயர் சர்க்யூட்ல ஷேர் பூட்டிக்கிச்சுன்னா எந்த ஆர்டரும் வேலைக்காகாது, வாங்க ஆளே இல்லாதப்ப மார்க்கெட் ஆர்டர் மட்டும் யாருக்கு விக்கும், அங்கயும் வரிசைல தான் நிக்கணும்.

இப்ப நான் SL தான் போடுறேன், ஆனா லிமிட்ட ட்ரிக்கர்ல இருந்து ரெண்டு மூணு சதவீதம் கீழ தள்ளி வெக்கிறேன், ஆள் கம்மியான ஷேர்னா இன்னும் கொஞ்சம் கூட. போன மாசம் வேற ஒரு ஷேர்ல ட்ரிக்கர் 520, லிமிட் 508-ன்னு போட்டது அடிச்சுது. ஆர்டர் புக்க பாத்தா OPEN-ஐ நான் பாக்கவே இல்ல, நேரா COMPLETE, சராசரி 519.35.