தலைப்பே சொல்லிவிட வேண்டும்

நாங்கள் சிங்கப்பூரின் ஜூரோங்கில் மருந்துகளுக்கான குளிர்பதனக் கிடங்கு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறோம். மாதம் ஒரு முறை வாடிக்கையாளருக்கு ஸ்லைடுகள் தயாரித்து, அவர்களுடைய தரக்கட்டுப்பாட்டு மேலாளர் முன்னால் விளக்குகிறோம். ஆனால் முடிவெடுப்பவர் பெரும்பாலும் அந்த அறையில் இருப்பதில்லை. மேலாளர் கோப்பை மேலே அனுப்பிவிடுவார். அங்கே ஒருவர் எம்ஆர்டி ரயிலில் போகும்போது கைப்பேசியில் அதைத் திறந்து பார்ப்பார். நாங்கள் வாயால் சொன்ன எதுவும் அவரிடம் போய்ச் சேராது. சிறிய திரையில் அவருக்குத் தெளிவாகத் தெரிவது தலைப்பு மட்டும்தான். அதனால் எங்கள் குழுவில் தலைப்பை முழு வாக்கியமாக, ஒரு செய்தியைச் சொல்லும் வாக்கியமாக எழுதுகிறோம். (ஸ்லைடுகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், இங்கே தமிழில் தருகிறேன்.)

சமீபத்தில் குழுவில் சேர்ந்த தம்பி ஒரு ஸ்லைடு கொண்டுவந்தார். தலைப்பு, ‘3-ஆம் அறை: வெப்பநிலைப் போக்கு’. கீழே அந்த மாதம் முழுவதற்கும் ஒரே ஒரு கோடு. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய அறை அது. கோடு 8-ஐத் தாண்டிய இடங்களில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். வேலை சுத்தமாக இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்த கிடங்கு மேற்பார்வையாளர் அண்ணன் கேட்டது இதுதான்: “தம்பி, வட்டம் தெரியுது. கதவா, மெஷினா? அதைச் சொல்லு.”

அந்த ஸ்லைடுக்கு என்ன தலைப்பு வேண்டும் என்பதை அந்தக் கேள்வியே சொல்லிவிடுகிறது. ‘வெப்பநிலைப் போக்கு’ என்ற தலைப்பு எந்த மாதத்துக்கும், எந்த அறைக்கும் பொருந்தும். தரவு தலைகீழாக மாறினாலும் அதை மாற்ற வேண்டியதில்லை. அப்படிப்பட்ட தலைப்பு எதையும் சொல்லவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

தம்பி திருத்தி எழுதினார்: ‘3-ஆம் அறையில் வெப்பநிலைப் பிரச்சினை இருக்கிறது.’ வாக்கியமாகிவிட்டது, ஆனாலும் அண்ணன் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அடுத்தது: ‘கதவைத் திறந்து வைப்பதே 3-ஆம் அறை சூடாவதற்குக் காரணம்.’ இதில் பதில் இருக்கிறது. ஆனால் இதைத் தாங்க கீழே ஒன்றுமில்லை. படத்தில் இருப்பது வெப்பநிலை மட்டும், கதவு எங்கே?

முழு வாக்கியத் தலைப்பால் நடக்கிற உண்மையான வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சொன்னதை நிரூபி என்று அது நம்மைத் திருப்பித் தரவுக்கே அனுப்புகிறது. தம்பி கதவு உணரியின் பதிவை எடுத்து, வெப்பநிலைக் கோட்டின் கீழே கதவு திறந்திருந்த நேரங்களைப் பட்டைகளாகப் போட்டார். வரம்பு மீறிய 11 தடவைகளில் 10 தடவை, அதற்குச் சற்று முன் இறக்குதளக் கதவு பத்து நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தது. மீதி ஒன்று விடியற்காலையில். கதவு மூடியிருந்தது, குளிரூட்டியின் பனி நீக்கும் சுற்று ஓடிய நேரம்.

அண்ணன் விடவில்லை. “லாரி வர்றது மத்தியானம். மத்தியானம்னா வெளியிலயும் வெயில்தானே?” நியாயமான சந்தேகம். கதவைக் குறை சொல்கிறோமா, வெயிலையா? அதனால் மதியம் லாரி வராத நாட்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தோம். அந்த நாட்களில் அதே நேரத்தில் அறை ஒரு தடவைகூட 8-ஐத் தாண்டவில்லை. கடைசியில் தலைப்பு இப்படி நின்றது: ‘3-ஆம் அறை 8 டிகிரியைத் தாண்டிய 11 தடவைகளில் 10, கதவு பத்து நிமிடத்துக்கு மேல் திறந்திருந்ததைத் தொடர்ந்தே நடந்தன.’

‘காரணம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டோம். இரண்டும் சேர்ந்து நடப்பதைப் பதிவு காட்டுகிறது. கதவை மூடினால் நின்றுவிடும் என்பதை யாரும் இன்னும் சோதிக்கவில்லை. ‘எல்லா தடவையும்’ என்றும் எழுதவில்லை, அந்த விடியற்காலை ஒன்று இருக்கிறதே. அப்புறம் அடுத்த ஸ்லைடு: ‘கதவை ஐந்து நிமிடத்துக்குள் மூடும் முறையை இரண்டு வாரம் சோதிக்க உங்கள் ஒப்புதல் வேண்டும்.’ தம்பி இந்த இரண்டையும் ‘எனவே’ போட்டு ஒரே தலைப்பாக்கப் பார்த்தார். தலைப்புக்குள் ‘எனவே’யோ ‘மேலும்’ என்பதோ நுழைந்தால், அங்கே இரண்டு ஸ்லைடுகள் ஒளிந்திருக்கின்றன என்று அர்த்தம்.

இதெல்லாம் எங்கே இடம் பிடிக்கும் என்று கேட்பார்கள். பவர்பாயிண்டின் வழக்கமான வார்ப்புருவில் தலைப்பு எழுத்தளவு 44. அந்த அளவில் நாலைந்து சொல்லுக்கு மேல் அழகாக நிற்காது. ஆட்கள் வாக்கியத்தைச் சுருக்கிச் சுருக்கி வெறும் பெயராக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். நாங்கள் 28 வைத்து, இடப்பக்கம் ஒட்டி எழுதுகிறோம். இரண்டு வரிக்கு மேல் போனால் வாக்கியத்தைத்தான் குறைப்போமே தவிர, எழுத்தைக் குறைப்பதில்லை.

முடித்ததும் View தாவலில் Outline View-க்குப் போய், தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படிக்கிறோம். படங்கள் இல்லாமலே கதை புரிய வேண்டும். ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவ ‘அது எப்படி?’ என்று கேட்கத் தோன்றினால், நடுவில் ஒரு ஸ்லைடு காணோம். தலைப்பைத் தனி உரைப்பெட்டியில் தட்டியிருந்தால் அது இந்தப் பட்டியலில் வராது; தலைப்புக்கான பெட்டியிலேயே எழுத வேண்டும்.

வாக்கியத் தலைப்பில் ஓர் ஆபத்து உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஏவும்போது கழன்று விழுந்த நுரைத்துண்டு அதன் இறக்கையில் மோதியது பற்றிப் பொறியாளர்கள் ஸ்லைடுகள் தயாரித்தார்கள். அதில் ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவைப் பார்த்தால் விண்கலத்தை வெப்பத்திலிருந்து காக்கும் ஓடு துளைபடுவதற்கான கணிப்பு பாதுகாப்பான பக்கமே இருக்கிறது என்கிற பொருளில், ஒரு செய்தியாகவே இருந்தது. படிப்பவருக்கு நிம்மதி தரும் தலைப்பு. அதே ஸ்லைடின் அடிவரியில், மோதிய துண்டு சுமார் 1,920 கன அங்குலம், சோதனையில் பயன்பட்டது 3 கன அங்குலம் என்று இருந்தது. அதாவது அந்தச் சோதனை இந்த மோதலுக்குப் பொருந்தவே பொருந்தாது. பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் உயிரிழந்தார்கள். விசாரணைக் குழுவின் அறிக்கை இந்த ஸ்லைடைத் தனியாகவே எடுத்துப் பேசியது. அந்தத் தலைப்பு, ‘நம் சோதனைகள் இவ்வளவு பெரிய துண்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை’ என்று இருந்திருக்க வேண்டும்.

அதனால் ஒவ்வொரு தலைப்பையும் எழுதியபின் ஸ்லைடின் கடைசி வரியைப் படிக்கச் சொல்கிறேன். அங்கே இருக்கும் சிறிய எழுத்து தலைப்பை மறுத்தால், அந்தச் சிறிய எழுத்துதான் தலைப்புக்கு வர வேண்டும்.

பின்னிணைப்பில் வரும் அளவீட்டு அட்டவணைகளுக்கு நாங்கள் பெயர் மட்டுமே வைக்கிறோம். அவற்றைத் தேடி எடுக்கத்தான் வருவார்கள். காரணம் தெரியாத விஷயத்துக்கும் வாக்கியம் எழுதலாம், அதையும் செய்கிறோம். இந்த மாத ஸ்லைடுகளில் தம்பி தானாகவே எழுதிய ஒன்று: ‘விடியற்காலை மீறல் பனி நீக்கும் சுற்றால் வந்ததா என்று சொல்ல ஒரே ஒரு பதிவு போதாது.’ வாடிக்கையாளரின் மேலாளர் அதைப் படித்துவிட்டு, அந்தச் சுற்றின் நேரப் பதிவைத் தனியாக அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.