விரிவிணைப்பில் காணாமல் போன 18 மி.மீ.: ஒரு பால ஆய்வறிக்கை உருவான விதம்

பால ஆய்வறிக்கைகளில், உத்திரங்களைத் தாங்கும் பேரிங்குக்கு ஒரு பக்கமும் தளத்தின் முனையில் அசைவுக்கு இடம்விடும் விரிவிணைப்புக்கு ஒரு பக்கமும் ஒதுக்கி, தனித்தனியாக மதிப்பெண் போடுவது வழக்கம். அப்படிப் போட்டால் கோளாறு எங்கே பிறந்தது என்பது தப்பிவிடும். இரண்டும் ஒரே அசைவைத்தான் காட்டுகின்றன. தளம் நீண்டு சுருங்குவதை மேலே இணைப்பின் இடைவெளியும், கீழே பேரிங்கின் சாய்வும் சொல்கின்றன. இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத ஒரு பாலத்தில் நாங்கள் அறிக்கையை எப்படி முடித்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

பாலம் 60 மீட்டர் நீளம்; எஃகு உத்திரங்கள், அதாவது கர்டர்கள், நான்கு, மேலே கான்கிரீட் தளம், நடுவில் ஒரு தூண், தொடர்ச்சியான அமைப்பு. ஒரு முனை நிலையானது. மறுமுனை அசையும் முனை. அங்கே நான்கு ரப்பர் பேரிங்குகளும், இரண்டு இரும்பு விளிம்புகளுக்கு நடுவே ரப்பர் பட்டை செருகிய 8.5 மீட்டர் நீள ஸ்டிரிப் சீல் இணைப்பும் உள்ளன. தளம் 20 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது இடைவெளி 40 மி.மீ. என்று வரைபடம் சொல்கிறது.

முதல் வேலை வெப்பநிலை. காற்றின் வெப்பநிலையை எழுதி வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. வெயில் ஏறிய பிறகு தளத்தின் மேல்புறம் ஒன்றும் கர்டரின் அடிப்புறம் வேறொன்றுமாக இருக்கும். அதனால் சூரியன் வருவதற்கு முன், தொட்டு அளக்கும் வெப்பமானியை உள் கர்டர்களின் அடித்தகட்டில் பல இடங்களில் வைத்துச் சராசரி எடுத்தோம்: 28 டிகிரி. எஃகு, மீட்டருக்கும் டிகிரிக்கும் 0.012 மி.மீ. நீளும். 60 மீட்டருக்கு 8 டிகிரி ஏற்றம் என்றால் ஏறத்தாழ 6 மி.மீ. ஆக இணைப்பில் 34 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும், பேரிங் 6 மி.மீ. சாய்ந்திருக்க வேண்டும்.

இணைப்பில் இறுகிக் கிடந்த மண்ணைச் சுரண்டி எடுத்த பிறகே அளந்தோம். இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் இரும்பு விளிம்புகளுக்கு இடையே 16 மி.மீ. 18 மி.மீ. குறைகிறது.

இந்த இடத்தில் பேரிங்கைப் பார்க்காமல் போயிருந்தால், நிலையான முனையின் நங்கூர போல்ட்டுகள் தளர்ந்து தளமே நகர்ந்துவிட்டது என்று எழுதியிருப்போம். கீழே இறங்கி ஒவ்வொரு பேரிங்கின் பக்கவாட்டிலும் மூலைமட்டத்தை நிறுத்தி, மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள விலகலை அளந்தோம். நான்கிலும் 6 முதல் 7 மி.மீ. தான். ரப்பர் அடுக்குகளின் மொத்தத் தடிமன் 48 மி.மீ. என்பதால் இது மிகச் சிறிய சாய்வு.

தளம் நகர்ந்திருந்தாலும் சரி, பாலத்தின் முனையைத் தாங்கும் அபட்மென்ட் முழுவதும் முன்னால் வந்திருந்தாலும் சரி, பேரிங் அந்த 18 மி.மீ.யைக் காட்டியே ஆக வேண்டும். அதன் அடி அபட்மென்டில், தலை கர்டரில். அது காட்டவில்லை என்றால் பேரிங் இருக்கும் மேடைக்கு மேலேதான் ஏதோ நகர்ந்திருக்கிறது. மிஞ்சுவது பின்சுவர், அதாவது மேடைக்குப் பின்னால் மண்ணைத் தடுத்து நின்று, இணைப்பின் ஒரு விளிம்பு இரும்பைத் தலையில் தாங்கும் குட்டைச் சுவர். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது அதன் தலை தளத்தை நோக்கி 17 மி.மீ. சாய்ந்திருந்தது. கட்டும்போதே சுவர் சாய்வாக இருந்திருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. பின்சுவரும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் ஒரு நெடுக்கு விரிசல் இருந்தது. கீழே மயிரிழை, மேலே போகப்போக அகன்று 15 மி.மீ. சுவர் தலைப்பக்கம் தள்ளப்பட்டதற்கு இதுவே நேரடிச் சான்று.

தள்ளியது அணுகுசாலையின் கான்கிரீட் தளம். அதன் குறுக்கு இணைப்புகள் குளிரில் திறக்கும்போது மணலும் சிறுகல்லும் இறங்குகின்றன. வெயிலில் பலகைகள் நீளும்போது மூட இடமில்லை. ஒவ்வொரு பருவத்திலும் சாலை கொஞ்சம் கொஞ்சமாகப் பாலத்தை நோக்கி வளர்கிறது. இந்தச் சாலைக்கும் பாலத்துக்கும் நடுவே நெருக்கத்தைத் தாங்கும் இடைவெட்டு எதுவும் விடப்படவில்லை.

மதிப்பீட்டுக்கு அமெரிக்க மாநில நெடுஞ்சாலைத் துறைகளின் சங்கமான ஆஷ்டோவின் கையேட்டில் உள்ள நான்கு நிலை முறையைப் பயன்படுத்தினோம். 1 நல்லது, 4 மிக மோசம். இணைப்பை நீளத்தாலும் பேரிங்கை எண்ணிக்கையாலும் பிரித்து எழுத வேண்டும். சாக்கடை ஓரத்தில் 1 மீட்டருக்கு ரப்பர் கிழிந்து தண்ணீர் தடையின்றிக் கொட்டியது: நிலை 4. மீதி 7.5 மீட்டரில் கசிவு சொட்டுச் சொட்டாக மட்டுமே. கசிவை மட்டும் பார்த்தால் நிலை 2. ஆனால் தளம் 48 டிகிரியை எட்டினால் இன்னும் 14 மி.மீ. நீளும், மிஞ்சுவது 2 மி.மீ. அதனால் 7.5 மீட்டரையும் நிலை 3 என்று எழுதி, காரணத்தையும் கணக்கையும் பக்கத்திலேயே சேர்த்தோம். கணக்கு இல்லாத வெறும் எண்ணை அடுத்த முறை வருபவர் திருத்திவிடுவார்.

பேரிங்குகளில் மூன்று நிலை 1. கிழிந்த ரப்பருக்கு நேர் கீழே இருந்த நான்காவதில்தான் சிக்கல். 300 மி.மீ. அகலத்தில் 60 மி.மீ. வரை அடிப்பக்கமாக, இடுக்கை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் உள்ளே போனது. ரப்பரின் விளிம்பு வளைவாகவே இருக்கும் என்பதால் ஓரத்துச் சில மி.மீ.யைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதைக் கழித்தே இந்த 60. ஐந்தில் ஒரு பங்கு தொடர்பு போய்விட்டது, நிலை 3. ரப்பரில் வெடிப்போ பிதுக்கமோ இல்லை. மேலிருந்து விழுந்த தண்ணீர் அடியில் இருந்த காரையை அரித்திருந்தது. ஆகவே “பேரிங்கை மாற்றுக” என்று எழுதுவது தவறு. கர்டர்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, காரையைப் புதிதாக இட்டு, அதே பேரிங்கை வைத்தால் போதும்.

பரிந்துரையில் வரிசைதான் முக்கியம். முதலில் அணுகுசாலையில் முழு ஆழத்துக்கு ஒரு குறுக்கு வெட்டு, 100 மி.மீ. அகலத்தில், அமுங்கக்கூடிய பொருளால் நிரப்பி. இது வெயில் காலத்துக்கு முன்பே நடக்க வேண்டும். அதுவரை இணைப்பில் மண் சேராமல் அள்ளி, மாதம் ஒரு முறை இடைவெளியையும் வெப்பநிலையையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். சாலையை வெட்டினால் தள்ளுவது நிற்கும், சுவர் தானாகத் திரும்பாது. அதனால் இரண்டாவதாகப் பின்சுவரின் தலையை இடித்து, விளிம்பு இரும்பை அன்றைய வெப்பநிலைக்கு உரிய இடைவெளியில் மீண்டும் பதிக்க வேண்டும்.

தண்ணீர் நின்ற பிறகுதான் காரை வேலை. தளம் தொடர்ச்சியானது என்பதால் ஒரு கர்டரை மட்டும் தூக்கினால் கான்கிரீட் வெடிக்கும்; நான்கையும் ஒரே அளவில், பேரிங்கை விடுவிக்கப் போதுமான சில மி.மீ. மட்டும் உயர்த்த வேண்டும். பூட்டும் வளையம் உள்ள ஜாக்கிகள் தேவை. ஜாக்கி படும் இடத்தில் கர்டரின் செங்குத்தான நடுத்தகட்டுக்கு வலுவூட்டும் தகடு இருக்கிறதா என்று வடிவமைப்பாளர் முதலில் சரிபார்க்க வேண்டும்.

ரப்பர் மாற்றுவது கடைசி. முந்தைய அறிக்கை இதை மட்டுமே பரிந்துரைத்திருந்தது. 16 மி.மீ. இடைவெளியில் புது ரப்பரைச் செருகவே முடியாது; 40 மி.மீ. அளவுக்குத் திறந்திருந்தால்தான் கை ஓடும். எனவே குளிர்ந்த வேளையில், விளிம்பு இரும்பைத் துருநீக்கி உலர்த்தி, 8.5 மீட்டருக்கும் நடுவே ஒட்டில்லாத ஒரே துண்டாகப் பொருத்த வேண்டும் என்று எழுதி அறிக்கையை முடித்தோம்.