அஜிடேட்டர் நின்றால்: ஒரு ஹசாப் அறிக்கையின் ஒற்றை வரி

ஆலையில் எது எப்படி வழக்கத்திலிருந்து விலகலாம் என்று வரிவரியாக ஆராய்வது ஹசாப் அறிக்கை. அதில் "கலக்கல் – இல்லை" என்ற விலகலின் வரியைப் பலரும் வேகமாக எழுதிக் கடந்துவிடுகிறார்கள். காரணம்: மோட்டார் பழுது. விளைவு: பேட்ச் தாமதம். நடவடிக்கை: ஆபரேட்டர் உடனே மீண்டும் ஓட்ட வேண்டும். விபத்துக்கு வழி செய்வதே அந்தக் கடைசிக் கட்டம்தான்.

அசெட்டிக் அன்ஹைட்ரைடை நீரில் விட்டு அசெட்டிக் அமிலமாக்கும் சிறிய ரியாக்டரை எடுத்துக்கொள்வோம். உள்ளே 60 டிகிரியில் 400 கிலோ நீர். மேலிருந்து மணிக்கு 200 கிலோ வீதம் அன்ஹைட்ரைடு இறங்குகிறது. கலக்கல் நன்றாக இருக்கும்வரை விழுந்தது விழுந்தபடியே வினைபுரிந்துவிடும். வரும் வெப்பம் சுமார் 32 கிலோவாட். அதை ரியாக்டரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் ஓடும் நீர் எடுத்துவிடும்.

தொடக்கத்திலேயே, உள்ளே கலக்கும் அஜிடேட்டர் நின்றுவிட்டால் என்ன ஆகும்? அன்ஹைட்ரைடு நீரைவிடக் கனமானது, நீரில் சட்டென்று கரையாது. பெரும்பகுதி அடியில் தனி அடுக்காகத் தங்கும். அரை மணி நேரத்தில் 100 கிலோ சேர்ந்துவிடும். வினை நடக்காததால் நடுவிலிருக்கும் தெர்மோமீட்டர் குறைவாகவே காட்டும். அதைப் பார்த்துக் கட்டுப்பாட்டு வால்வும் குளிர்நீரைக் குறைத்துவிடும். ஆகவே "அதிக வெப்பநிலை அலாரம் உள்ளது" என்று பாதுகாப்புக் கட்டத்தில் எழுதுவது இந்த விலகலுக்குப் பொருந்தாது. அலாரம் அடிக்கும்போது வினை கைமீறியிருக்கும்.

இப்போது யாரோ ஸ்டார்ட் பட்டனை அழுத்துகிறார். சேர்ந்திருந்த 100 கிலோவும் சில நிமிடங்களில் வினைபுரிந்தால் கலவை ஏறக்குறைய 30 டிகிரி சூடேறி 90-ஐத் தொடும். ஒரு மணி நேரம் கவனிக்காமல் விட்டிருந்தால் கொதித்து, அமில ஆவியோடு வென்ட் வழியே பொங்கும்.

"இல்லை" என்பதற்கு மோட்டார் மட்டுமே காரணம் என்று நிறுத்திவிடக் கூடாது. மோட்டாரையும் அஜிடேட்டர் தண்டையும் இணைக்கும் கப்ளிங் அறுந்தால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், பேனலில் பச்சை விளக்கும் எரியும், பிளேடு மட்டும் சுற்றாது. மோட்டாரின் ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறைந்திருப்பதே அதற்கு அடையாளம். அதனால் அன்ஹைட்ரைடு வால்வைத் தானாக மூடும் இன்டர்லாக்கை ஸ்டார்ட்டர் சிக்னலில் கட்டாமல், குறைந்த ஆம்பியரிலோ தண்டின் சுழற்சியை நேரடியாகப் பார்க்கும் சென்சாரிலோ கட்ட வேண்டும்.

நடவடிக்கையை இப்படி எழுதலாம்: "சுழற்சி நின்றால் அன்ஹைட்ரைடு வால்வு தானாக மூட வேண்டும்; காற்று அழுத்தம் போனாலும் மூடிய நிலைக்கே வர வேண்டும். ஜாக்கெட்டுக்கு முழுக் குளிர்நீர் போக வேண்டும். எவ்வளவு அன்ஹைட்ரைடு இறங்கியது என்று எடைக் கணக்குப் பார்த்து, ஷிப்ட் பொறுப்பாளர் எழுத்தில் அனுமதிக்கும்வரை அஜிடேட்டரை ஓட்டக் கூடாது. பொறுப்பு: இன்ஸ்ட்ருமென்ட் பொறியாளர், உற்பத்தி மேலாளர். கெடு: அடுத்த பேட்சுக்கு முன்."

"அஜிடேட்டர் சரியாக இயங்குவதை உறுதி செய்க" என்று எழுதினால் அதை முடித்ததாக யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுவிடலாம். மேலே உள்ளதை அப்படி முடிக்க முடியாது. ரியாக்டரில் வெறும் நீரை நிரப்பி, அஜிடேட்டரை நிறுத்தி, வால்வு மூடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் முடிக்க முடியும்.