படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க

கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், நினைவஞ்சலி அட்டை எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். இதோடு ஒரு சிற்றிதழுக்கு வரும் கவிதைகளையும் படித்துக் கொடுக்கிறேன். அதனால் தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரைக்கும் எழுதுகிறவர்கள் பலரிடம் என் எண் இருக்கிறது. கவிதையை அப்படியே செய்தியில் ஒட்டி அனுப்புவார்கள். கீழே ஒரு வரிதான் இருக்கும்: "படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க."

எதைச் சொல்ல? அந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் இருக்கலாம். நான் எழுதியது உங்களுக்குப் புரிகிறதா, நான் நினைத்தது வந்து சேர்ந்ததா என்பது ஒன்று. வரிகள் சரியாக அமைந்திருக்கின்றனவா, எங்கே வெட்டலாம், எங்கே தட்டுகிறது என்பது இன்னொன்று. இதை வெளியே விடலாமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் சேர்த்துப் பதில் எழுதினால் எழுதியவருக்கு எதுவும் நிற்காது. தன் அம்மா இறந்ததை எழுதியவரிடம் ஒற்றுப்பிழையைச் சொன்னால், அவர் அடுத்த கவிதையை அனுப்பமாட்டார். நாளைக்கு மேடையில் வாசிக்க வேண்டியவரிடம் உள்ளர்த்தத்தைப் பேசிக்கொண்டிருந்தால் அவருக்கு நேரம்தான் வீண்.

சில நேரம் கவிதையே சொல்லிவிடும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வெண்பா அனுப்புவார். அவருக்கு வேண்டியது தளை பார்ப்பது, வேறொன்றும் இல்லை. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டிய இடத்தில் "தெய்வம்" என்று முடித்திருந்தால், அது தேமா, அங்கே நிற்காது என்று சொன்னால் போதும். பொருள் நன்றாக இருக்கிறது என்று முதலில் ஆரம்பித்தால், இலக்கணம் பார்க்கத் தெரியாமல் மழுப்புகிறேன் என்று நினைத்துக்கொள்வார். நினைவஞ்சலி அட்டைக்கு நாலு வரி கொண்டுவருபவர்களுக்கு மூன்றாவது கேள்விதான். தோற்றம், மறைவு தேதிகள் சரியா, மருமகள்கள் பேர் எல்லாம் வந்துவிட்டதா, யாராவது வருத்தப்படும்படி வரி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பேன். அங்கே படிமம் பழையது என்று சொல்லிக்கொண்டிருப்பது வேலைக்கு ஆகாது.

சிக்கல் இரண்டுக்கும் நடுவில் வரும் புதுக்கவிதைகளில்தான். அப்போது கவிதையை விட்டுவிட்டு அது வந்த விதத்தைப் பார்ப்பேன். தலைப்பு இருந்து, அடியில் பேரும் ஊரும் போட்டிருந்தால், எழுதியவர் மனசுக்குள் அதை ஏற்கெனவே அச்சில் பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே முடிவுக்கு இரண்டு வடிவம் அனுப்பியிருந்தால் கேட்பது அமைப்பைப் பற்றி. இரண்டும் இல்லாமல் வெறும் வரிகளாக வந்தால் பெரும்பாலும் முதல் கேள்வி. இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: ஒட்டும்போது வரிகள் உடையும். பி.டி.எஃப்பிலிருந்து எடுத்தால் பக்கத்தின் ஓரம் வருகிற இடமெல்லாம் வரி முடிந்தது போல வரும், கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். ஆகவே, விசித்திரமான இடத்தில் வரி முறிந்திருந்தால், அது எழுதியவர் செய்ததா, ஒட்டும்போது நேர்ந்ததா என்று கேட்காமல் அமைப்பைப் பற்றி வாய் திறக்க மாட்டேன்.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அனுப்பிய கவிதையைச் சொன்னால் இது விளங்கும். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அந்தப் பகுதி டெல்டாவின் கடைமடை. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் போய்ச் சேரும் ஊர்கள், நெல்லும் உண்டு, தென்னந்தோப்பும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் அந்தத் தோப்புகளைச் சாய்த்துவிட்டது. நாட்டுத் தென்னை காய்க்க 5 முதல் 7 வருடம் ஆகும். ஒரு மரம் விழுந்தால் எத்தனை வருஷம் போகிறது என்று அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வந்த கவிதை இது:

அப்பா நட்ட தென்னைகள்
அன்று இரவு ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன
நாங்கள் உள்ளே இருந்து
சத்தத்தை எண்ணினோம்
விடிந்ததும் அவர்
கிணற்றடியில் முகம் கழுவினார்
முதல்முறையாக
மரம் ஏறாமல் இளநீர் பறித்தார்
எங்களுக்கு வெட்டிக் கொடுத்தார்
தனக்கு வேண்டாம் என்றார்

துயரத்துக்குத்
தாகம் எடுப்பதில்லை

தலைப்பு இல்லை, பேர் இல்லை. "எப்படி இருக்கு அண்ணா?" என்று மட்டும் கேட்டிருந்தார். என் கண்ணில் முதலில் பட்டது கடைசி இரண்டு வரிக்கு முன்னால் இருந்த இடைவெளி. பத்து வரி ஒரே மூச்சில் ஓடி வந்து, அப்புறம் ஒரு வெற்றுவரி விட்டு, இந்த இரண்டு வரி தனியாக உட்கார்ந்திருக்கிறது. எழுதியவருக்கே இந்த முடிவில் நம்பிக்கை இல்லையென்றால் இப்படி ஒரு இடைவெளி விழும். இது முடிவான தீர்ப்பு இல்லை, ஒரு சந்தேகம்தான்.

அதை வைத்து உடனே "கடைசி இரண்டு வரியை எடுத்துடுங்க" என்று சொல்லியிருக்கலாம். அது சரியான ஆலோசனைதான். மேலே நடந்ததற்கு அந்த இரண்டு வரியும் விளக்கம் எழுதுகின்றன. ஆனால் அந்த அப்பா ஏன் வேண்டாம் என்றார் என்பது எனக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் எடுக்கச் சொன்னால், எழுதியவர் சொல்ல வந்த ஏதோ ஒன்றையும் சேர்த்து எடுத்தவனாகிவிடுவேன். அப்பா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதும் தெரியாது. எல்லாமே இறந்தகாலத்தில் இருக்கிறது.

ஆகவே அமைப்பைத் தொடாமல், எனக்குக் கிடைத்ததை மட்டும் எழுதினேன்: "உள்ளே உட்கார்ந்து சத்தத்தை எண்ணின இடம் அப்படியே காதுல விழுது. அப்பா வேண்டாம்னு சொன்னது எனக்குத் துக்கமாத் தெரியலை, வெட்கமாத் தெரிஞ்சுது. பிள்ளைங்களுக்குக் கொடுக்க இதுதான் கடைசி, இதுல தானும் பங்கு கேட்கக்கூடாதுன்னு நினைச்ச மாதிரி. நீங்க நினைச்சது அதுவாம்மா?" இப்படிக் கேட்பதில் ஒரு பயன் உண்டு. என் வாசிப்பு அவர் நினைத்ததோடு ஒத்துப்போனால் பேச்சு வரிகளுக்குப் போகும். ஒத்துப்போகாவிட்டால் எந்த இடத்தில் விலகுகிறது என்று தெரிந்துவிடும். பாராட்டுக்கும் குறைக்கும் அங்கே இடமே வராது.

பதில் வந்தது. "இல்லண்ணா. அவருக்குச் சர்க்கரை. ஆனா எப்பவும் நாங்க பார்க்காதப்ப ஒரு வாய் குடிச்சிருவார். அன்னிக்கு அதுவும் குடிக்கலை. அதான் எழுதணும்னு தோணுச்சு."

எழுதணும் என்று தோன்றியது அது. கவிதையில் அதுதான் இல்லை. சர்க்கரை கவிதைக்கு ஆகாத சொல் என்று அவர் ஒதுக்கியிருக்கிறார். ஒதுக்கியதால் வந்த பள்ளத்தை அடைக்கத்தான் "துயரம்" வந்திருக்கிறது. இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அமைப்பைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு வந்தது. இரண்டு விஷயம் சொன்னேன். எனக்கு இப்போது எழுதி அனுப்பினீர்களே, அதைக் கவிதைக்குள் கொண்டுவாருங்கள், வந்துவிட்டால் கடைசி இரண்டு வரி தானாக உதிர்ந்துவிடும். அடுத்தது, "முதல்முறையாக" வேண்டாம். மரம் ஏறாமல் இளநீர் பறித்தார் என்றாலே மரம் தரையில் கிடக்கிறது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். "முதல்முறையாக" அவருக்கு முன்னால் போய் அவர் கண்டுபிடிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறது. "ஒவ்வொன்றாய்ச்" என்று ஒற்று சரியாகப் போட்டிருந்ததைச் சொல்லவில்லை, தேவையில்லாதது.

வெளியே விடலாமா என்பதைப் பற்றி அதுவரை நான் ஒரு சொல் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சில நாள் கழித்துத் திருத்திய வடிவத்தை அனுப்பும்போதுதான் கேட்டார்: நூலகத்தில் கவியரங்கம் நடக்கிறது, இதை வாசிக்கலாமா? இந்தக் கேள்விக்கு இடம் தெரியாமல் பதில் கிடையாது. அச்சுக்குத் தயாராக இருப்பது மேடைக்கு ஆகாமல் போகலாம். குடும்பத்தாருக்கு அனுப்பக் கூடாதது இதழுக்கு மிகச் சரியாக இருக்கலாம். அவர் முடிவை இப்படி மாற்றியிருந்தார்:

சர்க்கரை வந்த நாளிலிருந்து
யாரும் பார்க்காதபோது குடிக்கும்
ஒரு வாயைக்கூட
அவர் குடிக்கவில்லை

கண்ணால் படிக்க இது நன்றாக இருக்கிறது. காதால் கேட்பவருக்கு, யார், எது, எப்போது என்று கடைசிச் சொல் வரை கையில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மேடையில் மைக் இரைச்சலோடு அது நடக்காது. உரக்க வாசித்துப் பாருங்கள், மூச்சு எங்கே முட்டுகிறதென்று தெரியும் என்றேன். வாசித்துவிட்டு இரண்டாக உடைத்தார்: "சர்க்கரை வந்தபிறகு / திருட்டுத்தனமாய் ஒரு வாய் குடிப்பார் / அன்று அதுவும் இல்லை."

இன்னொன்றையும் கேட்டேன். அப்பாவிடம் காட்டினீர்களா? அவர் உயிரோடுதான் இருக்கிறார், அதே ஊரில்தான் இருக்கிறார், கவியரங்கத்துக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். அவர் திருட்டுத்தனமாகக் குடிப்பது ஊருக்கு முன்னால் சொல்லத்தக்கதா என்பதை முடிவுசெய்ய வேண்டியது நான் இல்லை. கவிதை எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் இந்தக் கேள்விக்கு அது பதில் ஆகாது.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அவர் சர்க்கரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். "நான் எங்கே முகம் கழுவினேன்? மோட்டார் முங்கிப்போச்சான்னு பார்க்கத்தானே போனேன்" என்றாராம். புயலில் கரண்ட் போய்விட்டது, மோட்டார் எப்படியும் ஓடாது. அது தெரிந்தும் போய்ப் பார்த்திருக்கிறார். "கிணற்றடியில் முகம் கழுவினார்" இருந்த இடத்தில் "மோட்டாரைப் பார்த்துவிட்டு வந்தார்" வந்தது. நான் கேட்டிருந்த எந்தக் கேள்விக்கும் இந்த வரி வந்திருக்காது.

கவியரங்கத்தில் வாசித்தாயிற்று. அச்சுக்கு எந்த முடிவைக் கொடுப்பது என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் பேச்சு ஓடுகிறது. எனக்கு மேடைக்காக உடைத்ததுதான் பிடித்திருக்கிறது, அவர் நீண்ட வாக்கியத்தை விடமாட்டேன் என்கிறார். அடுத்த இதழுக்குப் பக்கம் கட்ட இன்னும் நாள் இருக்கிறது.